பாட்டி போட்ட முறை

இம்மாதம் நம் பகுதிக்கு ஒரு கடிதமே விஷயமாக வாய்த்திருக்கிறது. நாக்பூரில் நமக்கு அடுத்த வீட்டில் குடியிருக்கும் சங்க அன்பர் ஒருவர், தம் தாயார் ஊரிலிருந்து எழுதிய கடிதத்தைக் கொண்டுவந்து, "இதைப் படித்துப் பாருங்கள், நம் வாசகர்களுக்கும் உபயோகப்படும்" என்று கொடுத்தார். பெயர்களை நீக்கிவிட்டு வெளியிட வேண்டும் என்பது மட்டுமே அவர் விதித்த நிபந்தனை. அவ்வண்ணமே செய்கிறோம்.

கடிதத்துக்குள் போகுமுன் குடும்பத்தைச் சிறிது அறிந்துகொள்வது நல்லது. பாட்டிக்கு வயது 82. கும்பகோணத்தை அடுத்த ஒரு கிராமத்தில் மூத்த மகனோடும் மருமகளோடும் இருக்கிறார். இரண்டாவது மகன் நாக்பூரிலும், மூன்றாமவர் மும்பையிலும், மகள் கொல்கத்தாவிலும், கடைசி மகன் தில்லியிலும் இருக்கிறார்கள். ஊரில் மூவர், நாக்பூரில் நால்வர், மும்பையில் ஐவர், கொல்கத்தாவிலும் தில்லியிலும் நால்வர் நால்வராக மொத்தம் இருபது பேர். ஆண்டுதோறும் மே மாதத்தில் எல்லோரும் கிராமத்தில் கூடுவது வழக்கம். அந்த வழக்கத்தைத்தான் பாட்டி மாற்றப் பார்க்கிறார். கடிதம் வருமாறு:

"என் மக்களுக்கும் மருமக்களுக்கும் பேரன் பேத்திகளுக்கும் அநேக ஆசீர்வாதம். இவ்விடம் நலம். அவ்விடம் எல்லோருடைய நலத்துக்கும் எழுதவும்.

இந்த வருஷம் மே மாதம் யாரும் ஊருக்கு வரவேண்டாம். கோபித்துக்கொண்டு எழுதவில்லை. விஷயத்தைக் கடைசிவரை படிக்கவும்.

பெரியவன் பெண்டாட்டி இருபத்து மூன்று வருஷமாக ஒவ்வொரு கோடையிலும் இருபது பேருக்கு உலை வைத்திருக்கிறாள். ஒரு நாளும் முகம் சுளித்தவளில்லை. போன வருஷம் எல்லோரும் திண்ணையில் நின்று படம் எடுத்துக்கொண்டீர்களே, அதைச் சட்டம் போட்டுத் தில்லிக்காரன் அனுப்பியிருந்தான். எண்ணிப் பார்த்தேன். எல்லோரும் இருக்கிறீர்கள், அவளைக் காணோம். அந்த நேரத்தில் அவள் ரசத்துக்குத் தாளித்துக் கொண்டிருந்தாள். அவளுக்கு வயது 57 ஆகிறது. முழங்கால் வலி இருக்கிறது. இனி இப்படி நடக்கக் கூடாது.

இன்னொன்று. கொல்கத்தாவிலிருந்து பெண் நாலு வருஷமாக வரவில்லை. வீம்பு என்று நீங்கள் உங்களுக்குள் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும். நாலு பேர் இரண்டு ரயில் மாறி வந்து திரும்ப என்ன செலவாகும் என்று உங்களில் யாராவது அவளைக் கேட்டதுண்டா? அவள் முதல் முதலாக வராமல் இருந்த வருஷம் மாப்பிள்ளைக்கு ஆறு மாதம் பாதிச் சம்பளந்தான். அவள் என்னிடம் சொன்னாள், உங்களிடம் சொல்லவில்லை. இப்போது நிலைமை சரியாகிவிட்டதால் எழுதுகிறேன். வருஷா வருஷம் தூரத்தில் இருப்பவன் ரயிலுக்குக் கொடுக்கிறான். ஊரில் இருப்பவள் உடம்பால் கொடுக்கிறாள். நடுவில் இருப்பவனுக்கு ஒன்றும் இல்லை. இது என்ன நியாயம்?

ஆகையால் முறை வைத்துக்கொள்ள வேண்டும் என்று தீர்மானித்திருக்கிறேன். முதல் முறை நாக்பூர். அடுத்தது மும்பை. மூன்றாவது கொல்கத்தா. நாலாவது தில்லி. ஐந்தாவது இந்த வீடு. பிறகு மறுபடி நாக்பூர். பெண் வீட்டில் போய்க் கூட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவதா என்று பெரியவன் கேட்டான். சாப்பிடலாம். அவளும் இந்த வயிற்றில் பிறந்தவள்தான்.

மும்பைக்காரன் உடனே, 'அம்மா, என் வீட்டில் ஐந்து பேருக்கே இடமில்லையே' என்பான். முறை என்று நான் சொல்வது வீட்டுக்கு அல்ல, பொறுப்புக்கு. அவன் முறை வரும்போது எல்லோரும் இந்தக் கிராமத்துக்கே வரட்டும். ஆனால் அந்த மூன்று நாளும் அடுப்பங்கரை மும்பைக்காரியுடையது. பெரியவள் பந்தியில் முதலில் உட்கார வேண்டும். தில்லிக்காரன் முறையும் அப்படியே. டிசம்பரில் தில்லியில் மூடுபனியாம், ரயில்கள் பத்து மணி நேரம் நின்று வருகின்றனவாம். அந்தக் குளிரில் என்னால் அங்கே வர முடியாது.

டிசம்பர் என்று ஏன் சொல்கிறேன் என்றால், மே மாதத்தில் நாக்பூர் வெயிலில் குழந்தைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? டிசம்பர் கடைசி வாரத்தில் அநேகமாக உங்கள் எல்லோருடைய குழந்தைகளுக்கும் நாலு நாளாவது பள்ளிக்கூடம் இராது. அது மார்கழி. மார்கழியில் கல்யாணம் கிடையாது. கச்சேரி இருக்கும், முகூர்த்தம் இராது. ஆகவே 'மைத்துனன் வீட்டுக் கல்யாணம், வர முடியாது' என்று யாரும் எழுத வழியில்லை. 25, 26, 27 மூன்று நாட்கள். 24 புறப்பட்டு வரவும், 28 திரும்பவும்.

பணத்துக்கு வழி சொல்கிறேன். ஒவ்வொரு வீடும் மாதம் 300 ரூபாய் போட வேண்டும். வருஷத்துக்கு 18,000 ஆகிறது. சாப்பாடு, பாத்திர வாடகை, சமையலுக்கு ஒரு ஆள், படுக்கை எல்லாம் அதற்குள். அந்தப் பணம் முறைக்காரனிடம் இருக்கக் கூடாது. அடுத்த வருஷ முறைக்காரனிடம் இருக்க வேண்டும். நாக்பூர்க்காரன் செலவு செய்வான், மும்பைக்காரன் கொடுப்பான். ரயில் செலவு தனி. எல்லோருடைய டிக்கெட்டையும் கூட்டி, தலைக்கு வகுத்து, அதிகம் கொடுத்தவனுக்குக் குறைவாகக் கொடுத்தவன் தரவேண்டும். எல்லோருக்கும் சாதாரண இரண்டாம் வகுப்புப் படுக்கைக் கட்டணந்தான் கணக்கு. ஏசியில் வருகிறவன் மிச்சத்தைத் தன் கையிலிருந்து போட்டுக்கொள்ளட்டும்.

சமையல் இதுதான்: காலையில் இட்லி அல்லது பொங்கல். மத்தியானம் சாம்பார், ரசம், ஒரு கறி, அப்பளம், மோர். ராத்திரி ஏதாவது ஒரு கலந்த சாதம். மூன்று நாளைக்கும் சேர்த்து ஒரே ஒரு இனிப்பு. புடவை, வேட்டி, வெள்ளிக் கிண்ணம் எதுவும் யாருக்கும் வைத்துக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் நான் வாங்கமாட்டேன். என்னைப் பார்த்து மற்றவர்களும் வாங்கக் கூடாது.

முறை எடுக்க முடியாதவன் ஆவணி முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும். பிரசவம், தீட்டு, மாற்றல் இருந்தால் அடுத்தவனோடு மாற்றிக்கொள்ளலாம். ஒரு தடவைதான். பதில் எழுதவும். அந்த வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைக் காட்டினால் போதாது."

கடிதம் இத்துடன் முடிகிறது. கையெழுத்துக்குக் கீழே 'கண் சரியாகத் தெரியவில்லை, பிழையிருந்தால் பொறுக்கவும்' என்று ஒரு வரி இருக்கிறது. கடிதத்தில் பிழை ஒன்றும் நமக்குத் தென்படவில்லை.

இதில் நம்மை முதலில் ஈர்த்தது, முதல் முறைக்கு நாக்பூரைத் தேர்ந்த யோசனை. நம் ஊர்ப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சென்னையிலிருந்தும், தில்லியிலிருந்தும், ஹௌராவிலிருந்தும் நாக்பூர் ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர். மும்பைதான் சற்றுக் கிட்டே, 840 கிலோமீட்டருக்குள். தில்லி அன்பருக்குக் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸோ தமிழ்நாடு எக்ஸ்பிரஸோ உண்டு. மும்பைக்கும் ஹௌராவுக்கும் இடையே ஓடும் கீதாஞ்சலி நாக்பூரைத் தொட்டுச் செல்கிறது. ஊரார் மட்டும் சென்னையில் வண்டி மாற வேண்டும்.

பாட்டி சொன்ன ரயில் கணக்கை அன்பரோடு உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். எளிமைக்காகப் போக வரக் கட்டணத்தை முழு எண்களாக வைத்துக்கொண்டோம். தில்லியிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் தலைக்கு 1,100 ரூபாய் என்றால் ஒவ்வொரு வீட்டுக்கும் 4,400. மும்பையிலிருந்து தலைக்கு 900 வீதம் ஐவருக்கு 4,500. ஊரிலிருந்து தலைக்கு 1,500 வீதம் மூவருக்கு 4,500. நாக்பூருக்குச் செலவில்லை. மொத்தம் 17,800, இருபது பேருக்கு வகுத்தால் தலைக்கு 890. நாக்பூர் வீடு நாலு பேருக்கு 3,560 கொடுக்க வேண்டும். அதில் தில்லிக்கும் கொல்கத்தாவுக்கும் 840 வீதம் போகும், மும்பைக்கு 50, மிச்சம் 1,830 ஊருக்கு. கணக்கு நேராகிவிடுகிறது. இதைப் பார்த்த அன்பரின் மனைவி, "வீட்டையும் விட்டு, வேலையும் செய்து, பணமும் கொடுக்க வேண்டுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் உணவுச் செலவு பொதுப் பணத்திலிருந்து வருகிறது. நாக்பூரார் பிரயாணம் செய்யவில்லை. கொல்கத்தா முறை வரும்போது இப்படிப் பிரயாணம் செய்யாமல் பணம் கொடுப்பது கொல்கத்தா வீட்டாராக இருக்கும். அதை எழுதிக் காட்டிய பிறகே அந்த அம்மாள் சமாதானமானார்.

குழந்தைகளைப் பற்றி ஒரு விவரம் சேர்க்க வேண்டும். ஐந்து வயது முடிந்து பன்னிரண்டு நிரம்பாத குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்டால் 2016 ஏப்ரல் முதல் முழுக் கட்டணம். படுக்கை வேண்டாமென்றால்தான் பாதி. ஒரு வீட்டார் குழந்தையை மடியில் வைத்து அரைக் கட்டணத்தில் வர, மற்றொரு வீட்டார் முழுக் கட்டணம் கொடுத்து வந்தால் வகுத்தலில் மனஸ்தாபம் வரும். எல்லாக் குழந்தைகளுக்கும் படுக்கை என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது மேல். இரண்டு இரவுப் பிரயாணத்தில் குழந்தையும் தூங்க வேண்டுமல்லவா?

பாட்டி அறியாத இடம், டிக்கெட் வாங்கும் இடம். நாம் இருப்புப்பாதையில் எழுத்து வேலை பார்ப்பவர்களாதலால் அதை விரித்துச் சொல்வது நம் கடமை. 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் தொடங்குகிறது; பிரயாண நாள் அந்த அறுபதில் சேராது. ஆகவே டிசம்பர் 24-ஆம் தேதி வண்டிக்கு அக்டோபர் 25 காலை எட்டு மணிக்குக் கதவு திறக்கும். திரும்பும் 28-ஆம் தேதி நாக்பூருக்கு வரும் வண்டி தன் தொடக்க நிலையத்திலிருந்து அன்றே புறப்படுவதானால் அக்டோபர் 29, முந்தின நாள் புறப்படுவதானால் அக்டோபர் 28. பலர் போகும் டிக்கெட்டை அவசரமாக வாங்கிவிட்டு, திரும்பும் டிக்கெட்டை 'பார்த்துக்கொள்ளலாம்' என்று விடுகிறார்கள். நாக்பூர் விஷயத்தில் இது ஆபத்து. போகும்போது நம்மவர்கள் வண்டி புறப்படும் நிலையத்தில் ஏறுகிறார்கள். அங்கே படுக்கைகள் அதிகம். திரும்பும்போது நடுவழியில் ஏறுகிறார்கள். நடுநிலையத்துக்கு ஒதுக்கப்படும் படுக்கைகள் மிகக் குறைவு, அதன் காத்திருப்புப் பட்டியலும் மெல்லவே நகரும். அந்தப் பட்டியலில் இருக்கும் டிக்கெட்டை நம்பிப் பன்னிரண்டு பேரைப் பிளாட்பாரத்துக்கு அழைத்துச் செல்லலாகாது. மும்பையார் மட்டும், நாக்பூரிலிருந்தே புறப்படும் துரந்தோவில் முயன்று பார்க்கலாம்.

பாட்டிக்குக் கீழ்ப்படுக்கை வேண்டும். 45 வயது நிரம்பிய பெண்களுக்கும் 60 நிரம்பிய ஆண்களுக்கும் கீழ்ப்படுக்கைக்கென ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் அப்படிப்பட்டவர் தனியாகவோ, அப்படிப்பட்ட இருவராகவோ ஒரு டிக்கெட்டில் போனால்தான் அந்த ஒதுக்கீட்டிலிருந்து கிடைக்கும். மூவரானாலோ, வயது நிரம்பாத ஒருவர் கூடச் சேர்ந்தாலோ இயந்திரம் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. குடும்பம் முழுவதையும் ஒரே படிவத்தில் எழுதினால் ஒற்றுமையாகத்தான் இருக்கும்; எண்பத்திரண்டு வயதுப் பாட்டிக்கு மேல்படுக்கை வந்து நிற்கும். ஆகவே பாட்டியையும் மூத்த மருமகளையும் ஒரு படிவத்திலும், மூத்த மகனைத் தனிப் படிவத்திலும் எழுதச் சொல்லியிருக்கிறோம். முதியோர்க்கான கட்டணக் குறைப்பு 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. பழைய நினைவில் அதை எதிர்பார்த்துப் பணம் எண்ணி எடுத்துக்கொண்டு வரவேண்டாம். எழும்பூரில் இறங்கி சென்ட்ரலுக்குப் போய் வண்டி மாறுவதானால், இரண்டு வண்டிகளுக்கும் நடுவே அரை நாளாவது இருக்கட்டும்.

பாட்டியின் ஏற்பாட்டில் நமக்கு ஒரே ஒரு இடத்தில் ஐயம் உண்டு. மும்பையாரின் முறை கிராமத்தில் நடக்கும்போது மூத்த மருமகள் அடுப்பங்கரைக்குள் போகக் கூடாது என்கிறார். எழுத எளிது. தம் வீட்டில், தாம் வைத்த இடத்தில் இருக்கும் பெருங்காய டப்பாவை இன்னொருத்தி தேடிக்கொண்டிருக்க, இருபத்து மூன்று வருஷம் அங்கே நின்ற ஒருவர் பந்தியில் முதலில் உட்கார்ந்திருப்பாரா? அரை மணி நேரத்தில் எழுந்து உள்ளே போய்விடுவார். மறுநாள் பழைய கதைதான். இதற்கு நாம் அன்பரிடம் சொன்னது: முறைக்காரர்கள் இரண்டு நாள் முன்னதாக 23-ஆம் தேதியே போய்ச் சேர்ந்து, சாமான்களை ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும், அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாவற்றையும் தனியாக வாங்கி வாடகைப் பாத்திரத்தில் கொல்லைப்புறக் கோட்டை அடுப்பில் சமைக்கட்டும். வீட்டு அடுப்பங்கரையைத் தொடவே வேண்டாம். அப்போதுதான் அந்த அம்மாளுக்கும் உட்கார மனம் வரும். பொதுப் பணத்தில் ஒரு சமையற்காரரை வைத்துக்கொண்டால் இன்னும் உத்தமம்; இருபது பேருக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு மூன்று கிலோ அரிசி போதும், குழந்தைகள் இருப்பதால் கொஞ்சம் மிஞ்சவும் மிஞ்சும். ஒரே ஆளும் கூட ஒரு கையாளும் சமாளிக்கக்கூடிய வேலைதான்.

இனிப்பு ஒன்றுதான், பரிசு கூடாது என்ற விதியைச் சிலர் கஞ்சத்தனம் என்று எண்ணலாம். நம் சங்கத்துக் குடும்பங்களில் இப்படிச் சுற்றி வரும் கூட்டங்கள் சில நின்றுபோனதை நாம் பார்த்திருக்கிறோம். முதல் வருஷம் எளிமையாக நடக்கும். இரண்டாம் வருஷத்து வீட்டார் போகும்போது ஆளுக்கொரு எவர்சில்வர் டப்பா கொடுப்பார்கள். மூன்றாம் வீட்டார் ஓர் ஓட்டலில் விருந்து வைப்பார்கள். நான்காம் வீட்டாரிடமிருந்து, 'இந்த வருஷம் லீவு கிடைப்பது கஷ்டம்' என்று தகவல் வரும். லீவு கிடைக்காதது காரணமாக இராது. அடையாளம் இதுதான்: முறை வரவேண்டிய வீட்டிலிருந்து தேதியைப் பற்றிய பேச்சே எழாமல், போன வருஷத்தின் சிறப்பைப் பற்றிய பேச்சு மட்டும் எழுந்தால், அங்கே செலவைக் கண்ட பயம் புகுந்துவிட்டது என்று அறியலாம். பணம் அடுத்த முறைக்காரர் கையில் இருக்க வேண்டும் என்று பாட்டி வைத்த விதி இதற்கு நல்ல மருந்து. மும்பையார் ஒவ்வொரு சில்லறைச் சீட்டையும் பார்த்துப் பணம் கொடுப்பதால், தம் முறைக்கு எவ்வளவு ஆகும் என்பது அவருக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. நாக்பூராரும் கைமீறிப் போகத் தயங்குவார்.

வீட்டுக்கு வீடு ஒரே 300 ரூபாய் என்பதில், மூன்று பேர் உள்ள ஊர் வீடும் ஐந்து பேர் உள்ள மும்பை வீடும் சமமாகக் கொடுப்பது சரியா என்று தில்லியார் கேட்டாராம். ரயிலுக்குத் தலைக் கணக்கு, சாதத்துக்கும் தலைக் கணக்கு என்று போனால் பாட்டி சாப்பிடும் ஒரு கரண்டி சாதத்துக்கும் கணக்கு எழுத வேண்டிவரும். இதை அப்படியே விடுவது நல்லது என்பது நம் அபிப்பிராயம்.

அன்பரின் குவார்ட்டர்ஸில் இரண்டு அறைகள். பெண்களும் குழந்தைகளும் அங்கே. ஆண்களுக்கு நம் வீட்டு முன்னறையும் எதிர்வீட்டு மாடியும் பேசியாகிவிட்டது. டிசம்பர் இரவில் நாக்பூர்க் குளிரை ஊரார் அறியமாட்டார்கள். கிராமத்துப் போர்வை இங்கே போதாது. பந்தல் சாமான் வாடகைக்குத் தருபவரிடம் ஜமக்காளமும் ரஜாயும் நவம்பரிலேயே சொல்லி வைக்க வேண்டும்.

பதில்கள் நான்கும் வந்துவிட்டன. மும்பையார் ஒப்புக்கொண்டு, கோட்டை அடுப்பு யோசனைக்கு நன்றி எழுதியிருக்கிறார். தில்லியார் இரண்டு பக்கம் கணக்கெழுதி, முடிவில் ஒப்புக்கொண்டிருக்கிறார். மூத்த மருமகள் தனியாக ஒரு வரி எழுதியிருக்கிறார்: "நாக்பூரில் ஆரஞ்சு மலிவாமே, வாங்கி வைக்கவும்." கொல்கத்தா மகளின் கடிதத்தை மட்டும் அன்பர் நமக்குப் படித்துக் காட்டினார். "மூன்றாம் முறை எனக்கு என்று எழுதியதற்கு அம்மாவுக்கு நமஸ்காரம். எனக்கு 46 ஆகிவிட்டதால் கீழ்ப்படுக்கை உண்டாம். அவரோடு ஒரே டிக்கெட்டில் வந்தால் கிடையாதாம். பரவாயில்லை. நாலு பேரும் ஒரே டிக்கெட்டில்தான் வருகிறோம்."